நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்கு லீவு கேட்பது எப்படி?

கேள்வி: "கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் விநியோகம் செய்யும் ஒரு கடையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மொத்தம் 22 பேர். ஸ்கூலில் கூடப் படித்த நண்பனின் தங்கைக்கு செப்டம்பர் 10 வியாழக்கிழமை திருநெல்வேலியில் கல்யாணம். அவர்களுக்கு அப்பா இல்லை. நண்பன் ஷார்ஜாவில் இருந்து முந்தின நாள்தான் வருகிறான். மண்டப வேலை எல்லாம் என் தலையில். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் லீவு வேண்டும். எங்கள் மேனேஜர் 'சொந்தத் தங்கச்சி கல்யாணமா?' என்று கேட்கிற ஆள். 'எனது மிக நெருங்கிய நண்பரின் தங்கையின் திருமணம் தவிர்க்க முடியாதது என்பதால்' என்று எழுதி வைத்திருக்கிறேன். பேசாமல் 'என் தங்கை' என்றே போட்டுவிடலாமா?"

உங்கள் லீவு லெட்டரில் இருக்க வேண்டியது எல்லாம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, லெட்டரில்தான் இல்லை. அப்பா இல்லை, அண்ணன் முந்தின நாள்தான் வருகிறான், மண்டப வேலை என் தலையில் என்று முன்பின் தெரியாத எங்களிடம் சொல்லிவிட்டீர்கள். லீவு தரவேண்டிய மனிதரிடம் மட்டும் அதை மறைத்து 'மிக நெருங்கிய', 'தவிர்க்க முடியாத' என்று இரண்டு அலங்காரச் சொற்களை நீட்டுகிறீர்கள். அந்த இரண்டு சொல்லும் எல்லா லீவு லெட்டரிலும் இருக்கும். படிக்கிறவர் கண்ணில் அவை படுவதே இல்லை.

நான் 21 வருஷம் கோவை, திருப்பூர் பக்கத்துத் தனியார் நிறுவனங்களில் பணியாளர் பிரிவில் இருந்தவன். டைம் ஆபீஸில் வருகைப் பதிவேடு எழுதுவதில் தொடங்கி, கடைசி எட்டு வருஷம் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடும் நாற்காலியில் உட்கார்ந்தேன். லெட்டர் மேஜைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது தேதியை. அந்தத் தேதியில் என்ன வேலை நிற்கும் என்பது அடுத்தது. காரணத்தைப் படிப்பது அதற்கும் அப்புறம்தான். முதல் இரண்டிலும் சிக்கல் இல்லை என்றால் காரணத்தை அரைக்கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். சிக்கல் இருந்தால்தான் காரணத்தைத் தோண்டுவேன். 'சொந்தத் தங்கச்சியா?' என்ற கேள்வி அப்போதுதான் வரும். ஆகவே உங்கள் மேனேஜர் உறவைப் பற்றிக் கேட்டாலும் அவர் மனதில் ஓடுவது பெரும்பாலும் வேறு: 'இவன் போகாவிட்டால் அங்கே என்ன கெட்டுப்போகும், போனால் இங்கே என்ன கெட்டுப்போகும்?' லெட்டர் பதில் சொல்லவேண்டியது இந்த இரண்டுக்கும்தான்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அதில் குழப்பம் இல்லை. உங்களைப் போன்ற கடை, வணிக நிறுவன ஊழியர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 பொருந்தும். ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த வருஷத்தில் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை என்கிறது அதன் 25ஆவது பிரிவு. அதற்கு மேல், நோய் அல்லது விபத்துக்காக வருஷத்துக்கு 12 நாள், 'நியாயமான எந்தக் காரணத்துக்கும்' தற்செயல் விடுப்பு 12 நாள் என்று அதே பிரிவு தருகிறது. எந்த உறவுக்கு உண்டு, எந்த உறவுக்கு இல்லை என்று அது பட்டியல் போடவில்லை. கூடப் பிறந்த தங்கை, நண்பனின் தங்கை என்ற பிரிவினையே அங்கே கிடையாது. ரத்த உறவுப் பட்டியலை நீங்கள் பார்ப்பது கம்பெனிகளின் துக்க விடுப்பு விதிகளில்தான். அது கூடுதலாகத் தரும் லீவு என்பதால் பெற்றோர், துணை, பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்று எல்லை கட்டியிருப்பார்கள். அந்தப் பட்டியல் மேனேஜர்களின் மண்டையில் ஏறி, எல்லா லீவுக்கும் அதையே அளவுகோலாக வைக்கும் பழக்கம் வந்துவிட்டது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதற்காக அதை லெட்டரில் எழுதிவிடாதீர்கள். '25ஆவது பிரிவின்படி' என்று தொடங்கும் லெட்டரை வாங்கிய எந்த மேனேஜரும் அடுத்த மாதம் உங்களுக்கு ஒரு மணி நேரப் பர்மிஷன்கூடத் தரமாட்டார். சட்டம் தெரிந்திருப்பதால் வேறொரு பயன் உண்டு. கெஞ்ச வேண்டியதில்லை என்ற தெளிவு வரும், அது வாக்கியத்தில் தெரியும். 'அளித்து உதவுமாறு தங்கள் பொற்பாதம் பணிந்து' என்றெல்லாம் போகாது.

'என் தங்கை' என்று போடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஒழுக்கப் பாடம் நடத்தவில்லை, கணக்காகவே சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் தறிப் பிரிவுச் சூப்பர்வைசர் ஒருவர் இதையே செய்தார். நண்பனின் தங்கை கல்யாணத்துக்கு 'எனது தங்கையின் திருமணம்' என்று எழுதி நான்கு நாள் வாங்கினார். நிர்வாகம் சார்பில் ஆயிரத்தொரு ரூபாய் மொய்கூட அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினோம். இரண்டு வருஷம் கழித்து அவருடைய ஒரே தங்கைக்கு நிஜமாகவே கல்யாணம் வந்தது. லெட்டரைக் கொண்டுவந்து வைத்தவர் முகத்தில் ஈயாடவில்லை. பழைய லெட்டர் ஃபைலில் இருந்தது, மொய் எழுதிய வவுச்சரும் இருந்தது. லீவு கிடைத்தது. ஆனால் அதற்கப்புறம் அவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் யாரும் நம்பவில்லை. உறவைக் கூட்டிச் சொன்னால் ஒரு தடவை லாபம். சொந்த உறவுக்கு லீவு கேட்கும் நாளில் வட்டியோடு கட்ட வேண்டும்.

சரி, உண்மையை எப்படி எழுதுவது? நண்பனின் தங்கை என்பது காகிதத்தில் தூரமாகத்தான் தெரியும். அந்தத் தூரத்தைச் சொற்களால் குறைக்க முயலாதீர்கள். 'தங்கை போன்றவர்', 'குடும்பத்தில் ஒருவன்போலப் பழகியவன்' என்று எழுத எழுதச் சந்தேகம்தான் வளரும். அந்தக் கல்யாணத்தில் உங்கள் கையில் இருக்கும் வேலையை எழுதுங்கள். வேலைக்குத் தூரத்து வேலை, கிட்டத்து வேலை என்று கிடையாது. ஒருவர் செய்யாவிட்டால் நின்றுபோகும், அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில் அந்த வேலை என்ன என்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் 'மண்டப வேலை' என்று மட்டும் எழுதினாலும் பந்தி பரிமாறுவது என்று நினைத்துவிடுவார்கள். காலை முகூர்த்தம் என்றால் பொதுவாக முந்தின நாள் மதியமே மண்டபத்தைப் பொறுப்பேற்க வேண்டும். போனதும் முதல் காரியம், மண்டப மேனேஜரோடு போய் மின்சார மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள்வது. முடிந்த பிறகு யூனிட் கணக்கில்தான் பணம் பிடிப்பார்கள். அண்டா, குண்டான், நாற்காலி, ஜமுக்காளம் எல்லாம் எண்ணி வாங்க வேண்டும். காய்கறியும் மளிகையும் வந்து இறங்கியதும் ஸ்டோர் ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இந்தச் சாவி ஆள் விஷயம் கல்யாணம் நடத்தியவர்களுக்குத் தெரியும். சமையல் மாஸ்டர் விடியற்காலை மூன்று மணிக்கு முந்திரி கேட்பார், அப்போது எழுந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். பெண் வீட்டு ரத்த சொந்தங்களால் இந்த வேலையைப் பார்க்க முடியாது. அவர்களுக்குச் சடங்கிலும் மேடையிலும் வேலை இருக்கும். அப்பா இல்லாத வீட்டில், அண்ணன் விமானத்தில் வந்து இறங்கிய மறுநாள் தாலி கட்டு என்றால், சாவி உங்கள் கைக்குத்தான் வரும். முகூர்த்தம் முடிந்து எல்லோரும் மதியச் சாப்பாட்டோடு கிளம்பிய பிறகு பாத்திரம் எண்ணி, மீட்டர் பார்த்து, சமையல்காரர், நாதஸ்வரம், பந்தல் எல்லாருக்கும் பாக்கியைக் கொடுத்து மண்டபத்தை ஒப்படைக்கச் சாயங்காலம் ஆகிவிடும்.

இவ்வளவையும் லெட்டரில் எழுதப்போவதில்லை. ஆனால் இதை எல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கு எத்தனை நாள் வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். புதன் மதியம் பொறுப்பேற்பு, வியாழன் சாயங்காலம் ஒப்படைப்பு. செவ்வாய் வேலை முடித்து இரவுப் பேருந்து ஏறினால் புதன் காலை திருநெல்வேலி. வியாழன் இரவு ஏறினால் வெள்ளி காலை கோவை. இரண்டு நாள்தான் வருகிறது. வெள்ளிக்கிழமை எதற்கு? களைப்பாக இருக்கும், நண்பனோடு ஒருநாள் இருக்கலாம். ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்த மூன்றாவது நாள்தான் மற்ற இரண்டு நாளின் கனத்தையும் குறைக்கிறது. கடமைக்குப் போகிறவன் கேட்கும் நாளுக்கும் ஊர் சுற்றப் போகிறவன் கேட்கும் நாளுக்கும் உள்ள வித்தியாசம் மேனேஜருக்குப் பார்த்ததும் தெரியும். வெள்ளிக்கு அடுத்தது வாரக்கடைசி. அதையும் சேர்த்துப் போடப்பட்ட திட்டமோ என்று அவர் நினைக்க நீங்களே இடம் கொடுக்கிறீர்கள்.

உங்கள் விஷயத்தில் வெள்ளிக்கிழமையில் இன்னொரு கண்ணிவெடியும் இருக்கிறது. அன்று 11ஆம் தேதி. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு, விற்பனை பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்னுக்குக் கடைசி நாள். கணக்குப் பிரிவில் இருப்பதால் உங்களுக்கே தெரியும், 11ஐத் தாண்டிப் போனால் அந்த மாத பில்கள் 14ஆம் தேதி உருவாகும், வாங்கியவர்களின் வரி வரவுப் பட்டியலான ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யில் ஏறாது. உங்களிடம் பம்ப் வாங்கிய டீலர்களுக்கு வரி வரவு ஒரு மாதம் தள்ளிப்போகும். அவர்கள் போன் போட்டுத் திட்டுவது உங்களை இல்லை, உங்கள் மேனேஜரை. நீங்கள் 9, 10, 11 என்று மூன்று தேதியை எழுதியதுமே அவர் கண் நேராக 11இல் போய் நிற்கும். 'சொந்தத் தங்கச்சியா?' என்று அவர் கேட்டால், அதன் அர்த்தம் 'ரிட்டர்னை யார் போடுவது?' என்பதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அவரைத் தெரிந்தவர் நீங்கள், நான் ஊகிக்கத்தான் முடியும். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் ஊகம் பலமாகவே இருக்கிறது.

அதனால் 11ஆம் தேதி வந்துவிடுவேன் என்று சொன்னால் மட்டும் போதாது. வியாழன் இரவுப் பேருந்து வழியில் பழுதாகி நின்றால்? 8ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மாலைக்குள்ளேயே தாக்கல் செய்துவிடுவதாக எழுதுங்கள், அப்படியே செய்யுங்கள். ஆகஸ்ட் பில்களை விற்பனைப் பதிவேட்டோடு ஒப்பிடுவது, கிரெடிட் நோட்டுகளைச் சரிபார்ப்பது எல்லாம் 5ஆம் தேதிக்குள் முடியக்கூடிய வேலைதான். முதலாளியின் போனுக்கு ஓ.டி.பி. வரும் முறையில் நீங்கள் தாக்கல் செய்கிறீர்கள் என்றால், 8ஆம் தேதி மாலை அவர் ஊரில் இருப்பாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுவார்கள். எல்லாம் தயார் செய்துவைத்துவிட்டு, ஓ.டி.பி. சொல்ல ஆள் கிடைக்காமல், மறுநாள் திருநெல்வேலி மண்டப வாசலில் நின்றுகொண்டு போனில் கத்திக்கொண்டிருப்பார்கள்.

லெட்டருக்கு முன்னால் ஒரு முறை நேரில் சொல்லிவிடுங்கள். உங்களுடையதுபோல 22 பேர் இருக்கும் இடத்தில் திடீரென்று மெயிலோ காகிதமோ வந்தால் மேனேஜருக்கு அது முறைத்துக்கொண்டு நிற்பதுபோலத் தெரியும். குறைந்தது பத்து நாள் முன்னால், மாதக் கடைசி நெருக்கடி இல்லாத ஒரு நாளில், சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லுங்கள். சொல்லும்போதும் வரிசை முக்கியம். 'சார், ஒரு லீவு வேணும்' என்று தொடங்கினால் அடுத்த வார்த்தை அவருடையதாகிவிடும். 'சார், அடுத்த மாசம் ஜி.எஸ்.டி.ஆர்-1 ஐ 8ஆம் தேதியே போட்டுடறேன். 9, 10 ரெண்டு நாள் திருநெல்வேலியில் ஒரு கல்யாணப் பொறுப்பு இருக்கு' என்று தொடங்கிப் பாருங்கள். யார் கல்யாணம் என்று கேட்பார். சொல்லுங்கள். 'ஃபிரெண்டு தங்கச்சிக்கா?' என்று இழுப்பார். 'அவங்களுக்கு அப்பா இல்ல சார், அவன் முந்தின நாள்தான் வர்றான், மண்டபச் சாவி என்கிட்டதான்' என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் கஷ்டம். அந்த மௌனத்தில் பயந்துபோய் 'ரொம்ப க்ளோஸ் சார், சின்ன வயசுல இருந்து...' என்று நாம் அடுக்க ஆரம்பிப்போம், சொன்னதன் பலம் அங்கேயே வடிந்துவிடும்.

அன்றே எழுத்தில் கொடுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"பொருள்: செப்டம்பர் 9, 10 தேதிகளில் தற்செயல் விடுப்பு.

மதிப்பிற்குரிய சார்,

செப்டம்பர் 10 வியாழக்கிழமை காலை திருநெல்வேலியில் என் பள்ளி நண்பனின் தங்கைக்குத் திருமணம். அவர்களுக்குத் தந்தை இல்லை. நண்பன் வெளிநாட்டிலிருந்து 9ஆம் தேதிதான் வருகிறான். 9ஆம் தேதி மதியம் மண்டபத்தைப் பொறுப்பேற்பது முதல் 10ஆம் தேதி மாலை கணக்கு முடித்து ஒப்படைப்பது வரை என் பொறுப்பு. ஆகவே 9, 10 இரண்டு நாளும் எனக்குத் தற்செயல் விடுப்பு வேண்டும். 11ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை வேலைக்கு வந்துவிடுவேன்.

ஆகஸ்ட் மாத ஜி.எஸ்.டி.ஆர்-1 ஐ 8ஆம் தேதி மாலைக்குள் தாக்கல் செய்துவிடுகிறேன். அன்று மாலை 4 மணிக்கு ஓ.டி.பி. தேவைப்படும் என்று முதலாளியிடம் தெரிவித்திருக்கிறேன். இரண்டு நாள் ரசீதுப் பதிவையும் வங்கிப் பதிவையும் பில்லிங் பிரிவில் இன்னார் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்."

அவ்வளவுதான். 'நெருங்கிய' இல்லை, 'தவிர்க்க முடியாத' இல்லை. முதல் பத்தியில் நான்கு உண்மைகள் இருக்கின்றன: அப்பா இல்லை, அண்ணன் தாமதமாக வருகிறான், வேலை எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது. இந்த நான்கையும் படித்தவர் 'நீ போகாவிட்டால் என்ன?' என்று கேட்க மாட்டார், பதில் அதிலேயே இருக்கிறது. 'தந்தை இல்லை' என்ற வரியை ஒரே ஒரு முறை, வெறும் தகவலாகச் சொல்லுங்கள். அதை இரக்கத்துக்கான வரியாக நீட்டினால் நன்றாக இருக்காது, அந்தக் குடும்பத்துக்கும் மரியாதை இல்லை. 'இன்னார்' என்ற இடத்தில் பெயர் போடுவதற்கு முன் அவரிடம் நிஜமாகவே கேட்டுவிடுங்கள். மேனேஜர் உடனே அவரைக் கூப்பிட்டு 'பார்த்துக்கிறியாப்பா?' என்பார். அவர் 'எதை சார்?' என்றால் எல்லாம் போயிற்று.

'விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிப்பதா, 'விடுப்பு வேண்டும்' என்று முடிப்பதா என்பதில் உங்கள் இடத்துப் பழக்கத்தைப் பாருங்கள். வயதான, பழைய பாணி மேனேஜர் என்றால் 'கேட்டுக்கொள்கிறேன்' நல்லது. அதில் நஷ்டம் எதுவும் இல்லை.

பத்திரிகையை இணைப்பதா என்று அடுத்துக் கேட்பீர்கள். இதில் எனக்கே இரண்டு மனம் உண்டு. இணைத்தால் தேதி உறுதியாகும். ஆனால் அவர் சந்தேகப்படுவது கல்யாணம் நடக்கிறதா என்பதை அல்ல, அதில் உங்களுக்கு என்ன வேலை என்பதை. பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற வரிக்குக் கீழே மாமா, சித்தப்பா, பெரியப்பா என்று பெயர்கள் இருக்கும், உங்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. நீங்கள் சான்றாகக் கொடுத்த காகிதமே நீங்கள் அங்கே யாரும் இல்லை என்று சொல்லிவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு பத்திரிகையை மஞ்சள் தடவி, மேனேஜர் பெயர் எழுதி, 'சார், அவசியம் வரணும்' என்று கையில் கொடுத்துவிடுவேன். வரமாட்டார், அது இருவருக்கும் தெரியும். ஆனால் அழைக்கப்பட்டவர் ஆகிவிட்டார். தனக்கு வந்த பத்திரிகையை யாரும் சான்றுபோலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில்லை.

நண்பன் வீடாக இல்லாமல் தூரத்து உறவு என்றாலும் இதே வழிதான், ஆனால் அங்கே நம் மொழி ஒரு கை கொடுக்கும். என்னிடம் வந்த லெட்டர்களில் 'உறவினர் வீட்டு விசேஷம்' என்று எழுதியவர்கள்தான் அதிகம். இதைவிட மேம்போக்கான வரி கிடையாது. 'கசின்', 'அங்கிள்' என்று எழுதினாலும் அப்படித்தான், எல்லா உறவும் ஒரே குவியலில் போய்விடும். ஒரு பையன் அப்படித்தான் 'உறவினர் குழந்தைக்குக் காதுகுத்து' என்று எழுதி வந்தான். முறை என்ன என்று கேட்டேன். அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா பேத்தி என்றான். தூரம்தான். 'அதுக்கு ஒரு நாள் லீவா?' என்று நானும் கேட்டேன். அப்புறம்தான் தயங்கிக்கொண்டே சொன்னான், அந்தக் குழந்தையின் அம்மாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன் தம்பி கிடையாது, மாமன் முறைக்கு இவன்தான், குழந்தையை இவன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்று. அடப்பாவி, இதை அல்லவா முதல் வரியில் எழுத வேண்டும்! மாமன் மடி இல்லாமல் எப்படிக் காது குத்துவது? உடனே கையெழுத்துப் போட்டேன். உறவு தூரம், முறை பக்கம். அதனால் முறையை எழுதுங்கள்: 'தாய்மாமன் முறையில் குழந்தையை மடியில் வைத்துக் காது குத்தும் சடங்கு என்னுடையது, காலை 9 மணி.' மேனேஜர் வேறு மாநிலத்துக்காரர் என்றால் 'தாய்மாமன்' என்ற சொல் புரியாது. அப்போது 'இந்தச் சடங்கைச் செய்யவேண்டியவன் நான்' என்று செயலை மட்டும் சொன்னால் போதும்.

பங்காளி வீட்டுச் சாவு கொஞ்சம் வேறு மாதிரி. தகவல் இரவில் வரும், காலையில் கிளம்ப வேண்டும். அங்கே லெட்டருக்கு நேரம் இல்லை, வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும். யார் என்பதைவிட உங்களுக்கு என்ன கடமை என்பதையும் எப்போது திரும்புவீர்கள் என்பதையும் சொல்லுங்கள்: 'பங்காளி வீட்டில் பெரியவர் தவறிவிட்டார். நாளை காலை எடுக்கிறார்கள், நாங்கள் நான்கு வீடுதான் பங்காளிகள். நாளை ஒரு நாள் வர இயலாது, மறுநாள் வந்துவிடுவேன்.' பதினாறாம் நாள் காரியத்துக்கும் போகவேண்டும் என்றால் அந்தத் தேதியையும் திரும்பி வந்த அன்றே சொல்லி வைத்துவிடுங்கள். பதினைந்தாம் நாள் போய்ச் சொன்னால் அது இரண்டாவது லீவாகத் தெரியும், முதலிலேயே சொன்னால் அதே லீவின் மீதியாகத் தெரியும்.

இவ்வளவு செய்தும் மறுத்தால்? மறுக்கலாம். தற்செயல் விடுப்பு உங்களுக்கு உண்டு என்பது உறுதி, ஆனால் குறிப்பிட்ட தேதியில் வேலை இருக்கிறது என்று சொல்ல நிர்வாகத்துக்கும் இடம் இருக்கிறது, நடைமுறையில் அதுதான் நடக்கிறது. அப்போது 'ஏன்?' என்று கேட்காதீர்கள். 'எந்த நாள் சார் சிக்கல், புதனா வியாழனா?' என்று கேளுங்கள். புதன் என்றால், காலையில் வந்து மதியம் வரை வேலை பார்த்துவிட்டு அரைநாள் லீவில் கிளம்ப முடியுமா என்று யோசிக்கலாம். கோவையில் மதியம் பேருந்து ஏறினால் இரவுதான் போய்ச் சேருவீர்கள், பொறுப்பேற்க வேறு ஆளைப் பார்க்க வேண்டும், ஆனால் விடியற்காலை முந்திரிக்குச் சாவி உங்கள் கையில் இருக்கும். வியாழன் என்றால் விட்டுக்கொடுக்க வழி இல்லை. அதைச் சொல்லி, சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை, அன்று ஒரு நாள் மட்டும் வேண்டும் என்று நில்லுங்கள். சம்பளத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பவனின் காரணத்தை லேசானது என்று சொல்வது யாருக்கும் கஷ்டம். ஆனால் இதைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். முதலிலேயே சொன்னால் 'சரி, லாஸ் ஆஃப் பேயில் போய்க்கோ' என்று சுலபமாக முடித்துவிடுவார், உங்களுக்கு உரிய லீவையும் இழப்பீர்கள்.

மறுத்துவிட்டாரே என்று 9ஆம் தேதி காலை 'காய்ச்சல் சார்' என்று மட்டும் மெசேஜ் போடாதீர்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். உங்கள் நண்பர்களில் எவனாவது ஒருவன், நீங்கள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பந்தியில் நிற்பதை ஸ்டேட்டஸில் போடாமல் இருக்கப்போவதில்லை.